சோப்பு ஒன்று, கணக்கில் ஏழு

மளிகைக் கடையின் சரக்கு இருப்பைப் பார்க்கும் ஆப்கள் இப்போது ஃபோனிலேயே கிடைக்கின்றன. தனி ஸ்கேனர் வேண்டாம், கேமராவைக் காட்டினால் போதும் என்பார்கள் விற்பவர்கள். அது உண்மைதான். ஆனால் முதல் வாரத்திலேயே ஒரு புகார் கிளம்பும்: ரேக்கில் வைத்தது ஒரு சோப்பு, ஆப்பில் ஏறியிருப்பது ஏழு.

கேமரா படம் பிடிப்பதில்லை, வீடியோவாகப் பார்க்கிறது. நொடிக்கு சுமார் 30 படம் அதன் கண்ணில் படும். சோப்பு கால் நொடி அசையாமல் நின்றாலே, அதே பார்கோடு ஏழெட்டுத் தடவை படிக்கப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டும்படி ஆப்பை எழுதியிருந்தால் கணக்கு இப்படித்தான் ஊதும். ஒரு எண்ணைப் படித்ததும் ‘பீப்’ அடித்துவிட்டு, அதே எண்ணை ஓரிரு நொடிக்குக் கண்டுகொள்ளாமல் விடுவது வழக்கமான தீர்வு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மாதிரி இரண்டு சோப்பை அடுத்தடுத்து வேகமாகக் காட்டினால் இரண்டாவது விட்டுப்போகும். பெட்டி பிரித்துச் சரக்கு ஏற்றும்போது ஒன்றை ஸ்கேன் செய்து, எண்ணிக்கையைக் கையால் அடிப்பதே மேல். ஆப் வாங்குமுன் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

படிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாக்கெட்டுகளும் உண்டு. சோப்பு, பிஸ்கட் உறையில் இருக்கும் 13 இலக்கப் பார்கோடு, குறுக்கே 95 சமபாகங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாகத்துக்கும் குறைந்தது இரண்டு பிக்சலாவது கிடைத்தால்தான் கோடு எது, வெள்ளை எது என்று பிரித்தறிய முடியும். ஆக, திரையில் 190 பிக்சல் அகலமாவது வேண்டும். தெரியவில்லையே என்று ஃபோனைப் பாக்கெட்டின் மேல் ஒட்டிக் காட்டுவார்கள், ஃபோகஸ் போய்விடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஜூமை இரண்டு மடங்கு வைத்தால் பெரும்பாலும் படித்துவிடும். சிப்ஸ் பாக்கெட்டுக்கு டார்ச் போட வேண்டாம், பளபளப்பில் கோடுகள் கரைந்துவிடும். கசங்கிய உறையை விரலால் நீவிவிட்டுக் காட்ட வேண்டும்.

மங்கலாகத் தெரிந்தால் தப்பான எண்ணைப் படித்துவிடாதா? அதற்குத்தான் கடைசி இலக்கம் இருக்கிறது. 8901234567890 என்ற மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, இடமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக 8, 0, 2, 4, 6, 8 என்று கூட்டினால் 28. மீதமுள்ள 9, 1, 3, 5, 7, 9 கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இது பத்தின் மடங்காகவே இருப்பதால் கடைசி இலக்கம் 0. 133 வந்திருந்தால் 140 ஆக்க 7 தேவை, கடைசி இலக்கமும் 7 ஆகியிருக்கும். ஒரே ஒரு இலக்கம் பிசகினாலும் இந்தக் கூட்டல் இடிக்கும். ஆப் அதைத் தள்ளிவிட்டு அடுத்த படத்தைப் பார்க்கும்.

இத்தனை கவனமாகப் படித்த எண்ணுக்கு விலை தெரியாது என்பதுதான் பலரும் எதிர்பார்க்காதது. காலாவதித் தேதியும் அதில் இல்லை. இன்ன கம்பெனியின் இன்ன எடைச் சோப்பு என்பதோடு அதன் வேலை முடிந்தது. 890 என்று தொடங்குவதால் இந்தியாவில் செய்த பொருள் என்றும் சொல்ல முடியாது. எண்ணை வழங்கியது ஜிஎஸ்1 அமைப்பின் இந்தியக் கிளை, அவ்வளவே.

2025 செப்டம்பர் 22 அன்று குளியல் சோப்புக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரி உட்பட 40 ரூபாய் எம்ஆர்பி போட்டிருந்த சோப்பு, வரிக்குறைப்பு முழுதும் விலையில் இறங்கினால் 35 ரூபாய் 60 காசுக்கு வரும். பார்கோடு மட்டும் பழையதே. ரேக்கில் பழைய உறையும் புது உறையும் கலந்து கிடக்க, ஆப்பில் ஒரு எண்ணுக்கு ஒரே விலைதான் என்றால், பில் ஏதோ ஒரு பக்கம் தவறும். ஒரே எண்ணின் கீழ் பல எம்ஆர்பிகளைத் தனித்தனி இருப்பாக வைக்கும் ஆப்பில், ஸ்கேன் செய்ததும் எந்த விலை என்று கேட்கும். உறையைப் பார்த்துத் தொட வேண்டியது கடைக்காரர்தான்.

காலாவதித் தேதியும் பில்லோடு வர வேண்டுமானால் சொந்தமாக க்யூஆர் லேபிள் அச்சிட்டு ஒட்டலாம். எடை போட்டுக் கட்டும் பருப்புக்கு அது சரிப்படும். ஏற்கெனவே பார்கோடு இருக்கும் பாக்கெட்டுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை. லேபிள் ஒட்டாத கடையில், 13 இலக்கப் பார்கோடு மட்டும் படிக்கும்படி செட்டிங்கை மாற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கல்லா ஓரத்தில் நிற்கும் யுபிஐ அட்டை கேமராவில் பட்டு, பணம் வாங்கும் முகவரியே ஒரு சரக்காகப் பட்டியலில் ஏறிவிடும்.