கோட்டா கல்: சதுர அடிக் கணக்கு எங்கே உதைக்கிறது?

கல் கடையில் முதல் கேள்வி, "எத்தனை சதுர அடி?" என்பதுதான். அறையின் நீள அகலத்தைப் பெருக்கி, ஒரு கல்லின் பரப்பால் வகுத்து, "வேஸ்டேஜுக்குப் பத்து பர்சென்ட் சேர்த்துக்கங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பல வீடுகளில் இது ஒப்பேறிவிடும். சில வீடுகளில் கடைசி வரிசைக்கு வரும்போது கல் தீர்ந்துபோய், மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பூச்சு வேலை முடிந்தபின் உள்ளளவு நீளம் 15 அடி, அகலம் 11 அடி 1 அங்குலம். பரப்பு சுமார் 166 சதுர அடி. போடப்போவது ராஜஸ்தானில் கோட்டா மாவட்டத்து ராம்கஞ்ச் மண்டிப் பக்கம் வெட்டியெடுக்கிற சுண்ணாம்புக்கல். மெஷினில் ஓரம் வெட்டி, முகம் பாலிஷ் போட்டு வந்தது.

முதல் உதை இங்கேதான். பேச்சில் இந்தக் கல் "ரெண்டுக்கு ரெண்டு". டேப் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 22 அங்குலத்துக்கு 22 அங்குலம்தான் இருக்கும். கல்லுக்கு 4 சதுர அடி என்று வகுத்தால் 42 கல் போதும் என்று வரும். உண்மையில் ஒரு கல் 3.36 சதுர அடிதான். அப்படி வகுத்தால் 50 கல். பத்து பர்சென்ட் சேர்த்தாலும் 42 என்பது 47-ஐத் தாண்டாது. பில்லில் எந்த அளவை வைத்துப் பெருக்கியிருக்கிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது உதை, கல் பரப்பாகப் பதிவதில்லை, வரிசையாகப் பதிகிறது என்பது. எனவே நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக வகுக்க வேண்டும். நம் அறையின் அகலம் 133 அங்குலம். ஆறு கல் வைத்தால் 132. மிச்சமுள்ள ஓர் அங்குலத்தை ஜாயிண்ட் கொஞ்சம் தின்னும். மீதியை இரு சுவரோரமும் பங்கிட்டுவிட்டால் மேலே வரும் ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். முக்கால் அங்குலக் கனமுள்ள ஸ்கர்ட்டிங் தன் கனத்துக்குள் அடங்கும் இடைவெளியை மறைக்கும், அதற்கு மேல் முடியாது. ஆக, அகலத்தில் வெட்டே இல்லை.

நீளம் 180 அங்குலம். எட்டுக் கல்லுக்கு 176. ஏறக்குறைய 4 அங்குலம் பாக்கி. முழுக்கல் 48 போக, ஒரு சுவரோரம் 4 அங்குலத்தில் ஆறு பட்டிகள் வேண்டும். கட்டிங் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம் கல்லைத் தின்றுவிடும். அப்படியும் ஒரு கல்லில் ஐந்து பட்டி தேறும். ஆறு பட்டிக்கு இரண்டு கல். மொத்தம் 50.

கணக்கில் இது சிக்கனம்தான். ஆனால் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரோரம் 4 அங்குலப் பட்டி ஓடினால் தரை அரைகுறையாகத் தெரியும். அடியில் கலவை சரியாக நிரம்பாவிட்டால் அந்தப் பட்டிதான் முதலில் விரியும். அந்தச் சுவரோரம் பீரோவோ அலமாரியோ வரப்போகிறது என்றால் கவலையில்லை. இல்லையென்றால் மேஸ்திரி நடுக்கோடு போட்டு, முழுக்கல்லை ஏழு வரிசையாகக் குறைத்து, மிச்சத்தை இரு முனைக்கும் பங்கிடுவார். முழுக்கல் 42. இரு முனையிலும் ஏறக்குறைய 13 அங்குல அகலத்தில் பன்னிரண்டு துண்டுகள். பாதிக்கல், அதாவது 11 அங்குலத்துக்கு ஒரு நூலாவது குறைவாக இருந்தால் ஒரு கல்லில் இரண்டு துண்டு எடுக்கலாம். 13 அதைத் தாண்டிவிடுவதால் துண்டுக்கு ஒரு கல் போகும். மொத்தம் 54.

"நாலு கல் தண்டமா?" என்று வீட்டுக்காரர் கேட்பது இந்த இடத்தில்தான். ஸ்கர்ட்டிங்கைச் சேர்த்துப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அறையின் சுற்றளவில் மூன்றரை அடிக் கதவைக் கழித்தால் 584 அங்குலம். 22 அங்குல நீளம், 4 அங்குல உயரத்தில் 27 பட்டி வேண்டும். முதல் முறையில் தரைக்கு ஆறு, ஸ்கர்ட்டிங்குக்கு 27, ஆக 33 பட்டி. கல்லுக்கு ஐந்து வீதம் ஏழு கல். முழுக்கல் 48-ஓடு சேர்த்தால் 55. இரண்டாம் முறையில் 13 அங்குலத் துண்டு வெட்டியபின் ஒவ்வொரு கல்லிலும் 9 அங்குலம் மிஞ்சுகிறது. அதைப் பிளந்தால் இரண்டு பட்டி. பன்னிரண்டு கல்லில் 24 பட்டி தேறும். பாக்கி மூன்றுக்கு இன்னொரு கல். 54-ம் ஒன்றும் 55. இரண்டு முறைக்கும் கல் ஒன்றுதான். வெட்டுக்கூலி மட்டும் சற்றுக் கூடலாம். இந்த 55 கல்லில் உண்மையில் குப்பைக்குப் போவது சுமார் மூன்றரை சதுர அடிதான். ஸ்கர்ட்டிங்குக்கென்று தனியாகக் கல் வாங்கச் சொல்பவரிடம் இந்த 9 அங்குலத் துண்டுகள் எங்கே போகின்றன என்று கேட்க வேண்டும்.

மேலே மூன்று கல் உடைசலுக்கு. ஆக 58. அதையும் அதே லோடில் வாங்க வேண்டும். கோட்டா கல்லின் நீலப்பச்சையும் பழுப்பும் குவாரிக்குக் குவாரி மாறும், பிறகு தேடினால் நிறம் சேராது. நிலைப்படிக்கு வேறு கல் போடாமல் இதையே போடுவதானால் இன்னும் ஒன்று.

ஓரம் வெட்டாத கல்லை வாங்கினால் கணக்கே வேறு. அது விலை குறைவு, ஆனால் விளிம்பு கோணலாக, பல்பல்லாக இருக்கும். நாலு பக்கமும் சீவியாக வேண்டும். 24 அங்குலக் கல்லில் பக்கத்துக்கு அரை அங்குலம் சீவினால் பரப்பில் 8 சதவீதம் போகிறது. ஒரு அங்குலம் சீவினால் 16 சதவீதம். வரிசைக் கணக்கைச் சீவிய பிறகு நிற்கும் அளவில் போட வேண்டும், வாங்கும் அளவில் அல்ல.

மார்பிளில் கல் பெரிது என்பதால் சீவல் இன்னும் வலிக்கும். எட்டரை அடிக்கு ஐந்தடி ஸ்லாப் என்று வைத்துக்கொண்டால், நம் 15 அடி அறைக்குக் காகிதத்தில் சரியாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முழு ஸ்லாப்போடு 2 அடி 7 அங்குலத் துண்டு ஒன்று சேர வேண்டும். அந்த மூன்று துண்டும் நாலாவது ஸ்லாப்பிலேயே கிடைத்துவிடும். நாலே ஸ்லாப்பில் வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் பக்கத்துக்கு அரை அங்குலம் சீவியதும் ஐந்தடி 4 அடி 11 அங்குலமாகி, மூன்று வரிசைக்கு 14 அடி 9 அங்குலம்தான் தேறும். மிச்சம் 3 அங்குலத்தை ஸ்கர்ட்டிங் மறைக்காது. ஐந்தாவது ஸ்லாப் வாங்குவதற்குப் பதில் சுவரோரம் கறுப்பு கிரானைட்டில் பார்டர் ஓட்டிவிடுவார்கள். அழகுக்குப் போட்டதென்று நாம் நினைக்கிற பார்டர்களில் சில இப்படி வந்தவை.

இவ்வளவு கணக்கும் அறை சதுரமாக இருந்தால்தான். நீளத்தை இரு சுவரோரமும், அகலத்தை இரு முனையிலும் அளந்துவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு முறை டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் மூலைமட்டம் இல்லை. ஒரு சுவரோரத் துண்டுகள் எல்லாம் ஒரு பக்கம் அகலமாக, மறு பக்கம் ஒடுங்கி வரும். அப்போது அகலமான பக்கத்து அளவுக்குத்தான் கல் கணக்குப் போட வேண்டும். லோடு இறங்கும்போது கலந்து எடுத்த பத்துக் கல்லையும் அளந்துவிடுங்கள். 22 என்று வந்த கல் 21¾ இருந்தால், ஆறு கல்லில் ஒன்றரை அங்குலம் குறையும். நம் அறையில் இரு சுவரோரமும் ஓர் அங்குலத்துக்கு மேல் வாய் பிளந்து நிற்கும். கல்லைத் திருப்பியனுப்புவதா, அந்தப் பக்கமும் பட்டி வெட்டுவதா என்பதை லாரி நிற்கும்போதே முடிவு செய்துவிடலாம்.