பணம் போனதா, இல்லையா?

மளிகைக் கடையில் 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு யுபிஐயில் பணம் அனுப்புகிறீர்கள். பின் எண் போட்டதும் சக்கரம் சுற்றுகிறது. பிறகு "பரிவர்த்தனை தோல்வி. பிழைக் குறியீடு: U30" என்று வருகிறது. கீழே "சரி" என்று ஒரே பட்டன். பணம் போனதா? மறுபடி அனுப்பலாமா? கடைக்காரர் காத்திருக்கிறார், திரை பதில் சொல்வதில்லை.

அந்தக் குறியீடு பொறியாளர்களுக்கானது. கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். அதையே "பணம் எடுக்கப்படவில்லை. மறுபடி அனுப்பலாம்" என்று எழுதி, பட்டனில் "மறுபடி அனுப்பு" என்று போட்டால் கடை வாசலில் நிற்பவருக்கு மூச்சு வரும். ZM என்றால் பின் எண் பொருந்தவில்லை, Z9 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. முதலாவதற்கு "பின் எண்ணை மீண்டும் போடு", இரண்டாவதற்கு "வேறு கணக்கிலிருந்து அனுப்பு" என்று பட்டன் வேறாக வேண்டும். "தவறான பின்னை உள்ளிட்டுள்ளீர்கள்" என்று குற்றம் சாட்டவும் தேவையில்லை. "பின் எண் பொருந்தவில்லை" என்றாலே போதும்.

சிக்கலானது நான்காவது நிலை: வங்கியிலிருந்து பதிலே வராதபோது. பணம் கழிந்திருக்கலாம், கழியாமலும் இருக்கலாம். இதையும் "தோல்வி" என்று காட்டி "மறுபடி அனுப்பு" பட்டனை வைத்தால் ஒரே சாமானுக்கு இருமுறை பணம் போகும். கனிவான குரலில் எழுதினாலும் அந்தப் பட்டன் தவறுதான். இங்கே எழுத வேண்டியது: "வங்கியின் பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். பணம் கழிந்தும் கடைக்குச் சேராவிட்டால் 5 நாட்களுக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும்." பட்டன்: "நிலையைப் பார்". அந்த 5 நாள் ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த கெடு அது. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தனிநபருக்கு அனுப்பியதென்றால் கெடு மறுநாள் வரைதான். ஆகவே அந்த வாக்கியத்தையும் தனியே எழுத வேண்டும்.

இந்த நான்கையும் ஒரே செய்தியில் அடைப்பது பெரும்பாலும் எழுதுபவரின் சோம்பல் அல்ல. குறியீடுகளைப் பிரிக்காமல், வெற்றியா தோல்வியா என்று மட்டும் திரைக்கு அனுப்பும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நல்ல தமிழும் உதவாது. அதனால் எழுதுபவர் முதலில் பொறியாளரிடம் குறியீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கவேண்டும். பிறகு சிறிய போனில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் பார்க்கவேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, பட்டனில் பாதியில் வெட்டுப்படும்.

எழுதியது சரியா என்று அறிய, செயலியைப் பார்த்திராத ஒருவரிடம் திரையைக் காட்டி இரண்டே கேள்வி கேட்கலாம்: "பணம் இப்போது எங்கே இருக்கிறது? அடுத்து எதை அழுத்துவீர்கள்?" பதில் நிலையைப் பொறுத்தது. நான்காவது திரையைப் பார்த்துவிட்டு "இன்னொரு தடவை அனுப்புவேன்" என்று அவர் சொன்னால், அந்த வாக்கியத்தைத் திருப்பி எழுதவேண்டும்.