காட்டைக் கழித்தால் கிடைக்கும் தரை

மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், அடர்ந்த காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது கராகோல் என்ற பழைய மாயா நகரம். 2009 ஏப்ரலில் லிடார் கருவி பொருத்திய விமானம் ஒன்று சுமார் 200 சதுர கிலோமீட்டரை லேசரால் அளந்தது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 20 புள்ளிகள் பதிவாயின. அவற்றில் தரையைத் தொட்டவை சராசரியாக 1.35 மட்டுமே. மற்றவை பெரும்பாலும் இலையும் கிளையும் புதரும்தான். இந்தப் புள்ளி மேகத்திலிருந்து தரைப் புள்ளிகளைப் பிரித்து எடுத்தால்தான் மரமில்லாத வெற்று நிலத்தின் வடிவம் கிடைக்கும்.

ஒரே லேசர் துடிப்பின் ஒரு பகுதி உச்சிக் கிளையில் பட்டுத் திரும்பும். மீதி இடுக்குகளின் வழியே கீழே இறங்கும். கடைசியாகத் திரும்பியது தரையாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அடர்ந்த புதர் அதையும் மறித்துவிடும். ஆகவே ஒரு புள்ளி தரையா இல்லையா என்பதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க முடியும்.

ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் அக்சல்சன் 2000-இல் விவரித்த முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. முதலில் பரப்பைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிகத் தாழ்ந்த புள்ளியை விதையாக எடுக்கிறார்கள். விதைகளை இணைத்தால் முக்கோணங்களால் ஆன கரடுமுரடான தரை உருவாகும். பிறகு மற்ற புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு வரும். அவை முக்கோணத் தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன, அருகிலுள்ள முனையிலிருந்து என்ன கோணத்தில் எழுகின்றன என்று பார்க்கப்படும். வரம்பு 1.4 மீட்டர், 6 பாகை என்று வைத்துக்கொள்வோம். முனையிலிருந்து 10 மீட்டர் தள்ளி 0.8 மீட்டர் உயரத்தில் இருக்கும் புள்ளியின் கோணம் 4.6 பாகை, அது தரை. அதே உயரம் 3 மீட்டர் தூரத்தில் வந்தால் கோணம் 15 பாகையை நெருங்கும். அது புதராகத் தள்ளப்படும். சேர்ந்த புள்ளிகள் புதிய முக்கோணங்களை உண்டாக்க, சோதனை மறுபடி நடக்கும். சேர்க்க எதுவும் மிஞ்சாதபோது நிற்கும். தேறியவை கோப்பில் 2 என்ற வகை எண்ணைப் பெறும்.

கராகோலில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய ஊரில் கட்டடம் என்றால் நீக்கிவிடலாம். இங்கே 43 மீட்டர் உயரமுள்ள கானா பிரமிடும் விவசாயப் படிக்கட்டு வரப்புகளும்தான் தேடப்படும் பொருள். ஒரு மீட்டர் வரப்பின் விளிம்பு, கீழிருக்கும் முனைக்கு 2 மீட்டர் அருகில் இருந்தால் கோணம் 26 பாகையைத் தாண்டும். மேல் தளத்தின் உள்பகுதி முதலில் சேர்ந்து, அங்கிருந்து தரை விளிம்பை நோக்கி வளர்ந்தால்தான் அது தப்பும். இல்லையேல் வரப்பு மழுங்கிச் சரிவாகிவிடும். கோண வரம்பைத் தளர்த்தினாலோ புதரும் தரையாகிவிடும். இரண்டுக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. செங்குத்தான இடத்துக்கு ஓர் அளவு, சமவெளிக்கு வேறு அளவு என்று பிரிப்பதே நல்லது.

தவறுகளை நிழல் படத்தில் கண்டுபிடிக்கலாம். மாதிரியின் மேல் சாய்ந்த வெயில் விழுவதுபோல் வரைந்தால், தப்பி வந்த புதர்கள் சிறு கொப்புளங்களாகத் தெரியும். கூம்பாகக் குழிந்த பள்ளம் தெரிந்தால், தரைக்கும் கீழே பதிவான பொய்ப் புள்ளி ஒன்று விதையாகியிருக்கிறது என்று பொருள். அதை முன்பே களையாவிட்டால் சுற்றியுள்ள உண்மைத் தரையும் கழிந்துபோகும். பெரிய தட்டையான முக்கோணங்கள் தெரியும் இடத்தில் தரைப் புள்ளிகளே இல்லை. அங்கே மென்பொருள் இட்டு நிரப்பியதுதான் இருக்கிறது. அதன் மேல் தெரியும் மேட்டையோ சுவரையோ நேரில் போய்ப் பார்க்காமல் வரைபடத்தில் ஏற்றக்கூடாது.