கேண்டால்ஃப் தலையில் இடித்த உத்தரம்!

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நிச்சயம் நினைவிருக்கும். மந்திரவாதி கேண்டால்ஃப், குள்ள உருவம்கொண்ட ஹாபிட் இனத்தைச் சேர்ந்த பில்போவின் வீட்டுக்குள் குனிந்து நுழைவார். தொங்கும் விளக்கில் தலை முட்டும். அதைச் சமாளித்துத் திரும்பினால், கூரை உத்தரத்தில் மறுபடியும் ஓர் இடி!

விளக்கில் முட்டியது திட்டமிட்ட நடிப்பு. உத்தரத்தில் இடித்ததோ விபத்து. நடிகர் இயன் மெக்கெல்லன் நிஜமாகவே இடித்துக்கொள்ள, அது நன்றாக இருக்கிறதென்று இயக்குநர் பீட்டர் ஜாக்சன் படத்தில் அப்படியே வைத்துவிட்டார்.

இத்தனை ரகசியங்களையும் அள்ளிக்கொடுப்பது, 2002-ல் வெளியான இந்தப் படத்தின் நான்கு டிஸ்க் டிவிடி. 178 நிமிடப் படம் இதில் 208 நிமிடமாக நீண்டிருக்கும். அதோடு மேக்கிங் வீடியோக்கள் மட்டுமே இரண்டு டிஸ்க். போதாதென்று நான்கு கமென்ட்டரி ட்ராக்குகள் வேறு. படம் ஓடிக்கொண்டிருக்க, வசனத்துக்குப் பதிலாகப் படக்குழுவினரின் பேச்சு கேட்கும். இயக்குநரும் எழுத்தாளர்களும், வடிவமைப்புக் குழு, தயாரிப்பு மற்றும் படப்பிடிப்புக்குப் பிந்தைய பணிக் குழு, நடிகர்கள் எனத் தரப்புக்கு ஒன்று.

சரி, உத்தரம் ஏன் இடித்தது? மெக்கெல்லன் ஒன்றும் ராட்சத உயரமில்லை. அந்த வீடுதான் நிஜமாகவே சின்னது. பில்போவின் ஒரே வீட்டை இரண்டு அளவுகளில் கட்டியிருந்தார்கள். கேண்டால்ஃப் நடமாட ஒரு குட்டி வீடு, ஹாபிட்டாக நடிப்பவர்கள் நடமாட ஒரு பெரிய வீடு. நாற்காலி, கோப்பை, புத்தகம் என எல்லாமே இரண்டு சைஸ்.

ஆனால், இருவரும் ஒரே ஃபிரேமில் உட்கார்ந்து பேச வேண்டுமே? அதற்குப் பழைய தந்திரம் ஒன்று உண்டு. கேண்டால்ஃபை கேமராவுக்குப் பக்கத்திலும், ஹாபிட்டைச் சில அடி பின்னாலும் உட்காரவைப்பார்கள். தூரத்தில் இருப்பவர் சிறியவராகத் தெரிவார். நடுவில் இருப்பது ஒரே மேஜைபோலத் தெரியும். உண்மையில் அது இரண்டு துண்டு. முன்னால் இருப்பது சின்ன மேஜை, பின்னால் இருப்பது பெரிய மேஜை.

இதில் ஒரு சிக்கல். கேமரா அசையக் கூடாது. ஓடும் ரயிலின் ஜன்னல் வழியே பாருங்கள். பக்கத்துக் கம்பம் சரேலென்று ஓடும், தூரத்துப் பனைமரம் மெதுவாக நகரும். அதேபோல கேமரா லேசாக நகர்ந்தாலே, ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருப்பது அம்பலமாகிவிடும்.

ஆனால், படத்தில் கேமரா நகர்கிறது! எப்படி? மேக்கிங் வீடியோவில் விடை இருக்கிறது. கேமரா நகரும்போதே ஒரு நடிகரும், அவருடைய இருக்கையும், அவர் பக்கத்து மேஜைத் துண்டும் கூடவே நகரும்படி மேடை அமைத்திருந்தார்கள். இரண்டின் வேகமும் கச்சிதமாகப் பொருந்தினால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் பிசகினாலும் மேஜை நடுவில் வெட்டுப்பட்டதுபோலத் தெரிந்துவிடும்.

இது தெரிந்த பிறகு நடிப்பும் வேறு மாதிரி தெரியும். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருப்பதால், எதிரே இருப்பவரின் நிஜக் கண்களைப் பார்த்தால் பார்வை தப்பாகிவிடும். ஆளே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துத்தான் பாசத்தைக் காட்ட வேண்டும்.

சில காட்சிகளில் எலைஜா வுட்டே இருக்க மாட்டார். ஃப்ரோடோவுக்கு உருவ டூப்பாக நடித்தவர் கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகர் கிரண் ஷா. முகம் தெரியாமலே ஒரு ஹீரோவைச் சுமந்தவர்.

எல்லா மேக்கிங் வீடியோவும் இப்படி இருக்காது. ரிலீஸுக்கு முன்பு வருபவற்றில் பெரும்பாலும் 'சார் கூட வேலை பார்த்தது பெரிய பாக்கியம்' ரகம்தான். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். எது சரியாக வரவில்லை, அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று யாராவது சொல்கிறார்களா? சொன்னால் உட்கார்ந்து பார்க்கலாம். கமென்ட்டரியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அது படப்பிடிப்பு முடிந்து நாளாகி, நினைவிலிருந்து பேசுவது. சுவாரஸ்யத்துக்காகக் கதை கொஞ்சம் வளர்ந்தும் போகலாம். மேக்கிங் வீடியோவில் அதே காட்சி இருந்தால் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வருத்தம், ஓடிடியில் பெரும்பாலும் படம் மட்டும்தான் வருகிறது, கமென்ட்டரி வருவதில்லை. டிஸ்க் கிடைத்தால் ஆடியோ மெனுவில் தேடுங்கள். நடிகர்கள் ட்ராக்கில் நிறைய பேர் பேசினாலும் குழப்பமில்லை, பேசுபவரின் பெயர் திரையிலேயே வரும்.

டிஸ்க் இல்லையா? படத்தின் ஆரம்பத்தில் கேண்டால்ஃபும் ஃப்ரோடோவும் குதிரை வண்டியில் வரும் காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும். அந்த வண்டியே விசேஷமாகச் செய்தது, ஃப்ரோடோவின் இருக்கை சில அடி பின்னால் இருக்கிறது. இப்போது இருவரின் கண்களும் எங்கே பார்க்கின்றன என்று கவனியுங்கள்.