ஒரு கோடியா, 92 இலட்சமா? நாட்கணக்கு சொல்லும் விடை

பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில் பழைய வீடொன்று விலைக்கு வருகிறது என்று கொள்வோம். ஒருவர் 2025 ஏப்ரல் 10 அன்று, பத்திரப் பதிவின்போதே, 92 இலட்சம் ரூபாயை முழுமையாகத் தருவதாகக் கூறுகிறார். மற்றொருவர் ஒரு கோடி தருகிறார். ஆனால் மூன்று தவணைகளில். அதே ஏப்ரல் 10 அன்று 25 இலட்சம், 2025 ஆகஸ்ட் 28 அன்று 25 இலட்சம், 2027 மார்ச் 31 அன்று எஞ்சிய 50 இலட்சம். எதை ஏற்பது?

நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகே இரண்டையும் ஒப்பிட இயலும். விற்பவர் தம் பணத்திற்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஈட்ட வல்லவர் எனில், ஓராண்டு கழித்து வரும் 108 ரூபாயின் இன்றைய மதிப்பு 100 ரூபாய். பலரும் இங்கே தவணைகளை ஆண்டுக்கு ஒன்று என வரிசைப்படுத்திவிடுகின்றனர். அவ்வாறு கணக்கிட்டால் இரண்டாம் தவணை 23.15 இலட்சம், மூன்றாவது 42.87 இலட்சம், முதல் தவணையுடன் மொத்தம் 91.02 இலட்சம். அப்படியானால் ரொக்க விலையே மேல் என்று தோன்றும்.

ஆனால் இரண்டாம் தவணைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை, 140 நாட்களே. மூன்றாவதற்கு 720 நாட்கள். விரிதாளில் உள்ள XNPV என்னும் சார்பு இந்த நாட்களை எண்ணி, 365ஆல் வகுத்து, கிடைக்கும் பின்னத்தை அடுக்காகக் கொள்கிறது. முதல் தேதியில் வரும் தொகையை அது குறைப்பதில்லை. A2 முதல் A4 வரை தேதிகளையும், B2 முதல் B4 வரை தொகைகளையும் இட்டு இவ்வாறு எழுதலாம்:

```
=XNPV(0.08, B2:B4, A2:A4)
```

இப்போது இரண்டாம் தவணையின் மதிப்பு 24.27 இலட்சம், மூன்றாவது 42.96 இலட்சம். மொத்தம் 92.23 இலட்சம். ரொக்க விலையைவிட 23 ஆயிரம் ரூபாய் கூடுதல். தேதிகளைச் சரியாக எண்ணியதும் முடிவே மாறிவிட்டது.

இவ்வளவு சிறிய இடைவெளியில் வட்டி விகிதத்தையும் கூர்ந்து நோக்க வேண்டும். இச்சார்பு கேட்பது ஆண்டு முழுமைக்குமான பயனுறு விகிதம். விற்பவருக்கு 8 விழுக்காட்டில் வீட்டுக் கடன் இருந்து, கிடைக்கும் பணத்தால் அதை அடைப்பதே நோக்கம் எனில், மாதந்தோறும் வட்டி சேரும் அக்கடனின் பயனுறு விகிதம் 8.30 விழுக்காடு. அதை இட்டால் தவணை விலையின் மதிப்பு 91.97 இலட்சமாகக் குறைகிறது. கடன் உள்ளவருக்கு 92 இலட்சமே சற்று நல்லது. கடனற்று, 8 விழுக்காடே ஈட்டுபவருக்குத் தவணை நல்லது.

அடுத்தது தாமதம். கடைசித் தவணை 60 நாட்கள் தள்ளிப்போனால் 8 விழுக்காட்டிலேயே மொத்த மதிப்பு 91.69 இலட்சமாக இறங்கும். இழப்பு 54 ஆயிரம், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 ரூபாய். ஒப்பந்தத்தில் தாமதத்திற்கான வட்டியைக் கேட்டுப் பெற நினைப்பவருக்கு இந்த எண்ணே அடிப்படை. ஆயினும் வாங்குபவர் பணம் தராமலே போகக்கூடும் என்ற இடரை இக்கணக்கு அறியாது. அதற்கான பாதுகாப்பை வழக்கறிஞரிடம் கேட்டுப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

பிழை பெரும்பாலும் தேதியை உள்ளிடுவதில் நேர்கிறது. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 10/04/2025 என்பது அக்டோபர் 4 ஆகிவிடும். 28/08/2025 என்பதைத் தேதியாகவே ஏற்காது. அது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், விடையும் #VALUE! என வரும். முதல் தேதிக்கு முந்திய தேதி ஏதேனும் பட்டியலில் இருந்தால் #NUM! தோன்றும். எல்லாத் தேதிகளிலும் நாள் எண் 12க்குள் இருக்கையில்தான் எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான விடை வரக்கூடும். ஆகவே வெற்றுக் கட்டமொன்றில் =A3-A2 என்று இட்டுப் பார்ப்பது நலம். நம் எடுத்துக்காட்டில் 140 வர வேண்டும். வேறெண் வந்தால் தேதியைத் திருத்திய பின்னரே விடையை நம்பலாம்.

லீப் ஆண்டிலும் இச்சார்பு 365ஆல்தான் வகுக்கும். பிப்ரவரி 29 இடையில் வருமாயின் ஓராண்டு 366 நாட்களாக எண்ணப்படும். ஒரு நாள் வட்டியளவே வேறுபாடு. நம் எடுத்துக்காட்டின் காலத்தில் அந்த நாள் வரவில்லை.