அட்டை ஓரத்து மாதமும் ஆஸ்பிரினின் ஆயுளும்

இதய நோயாளிகளுக்குத் தினமும் ஒன்று என்று எழுதித் தரப்படும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் பேட்ச் எண்ணுக்குக் கீழே தயாரிப்பு 07/2023 என்றும் காலாவதி 06/2025 என்றும் அச்சாகியிருக்கிறது. மாதமும் ஆண்டும் இருக்கின்றன, நாள் இல்லை. ஜூன் பிறந்ததுமே இதைத் தூக்கிப் போட வேண்டுமா, மாதம் முடியும்வரை விழுங்கலாமா?

இந்தியாவில் இதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 96ஆவது விதி, காலாவதியை மாதம், ஆண்டு என்ற அளவில் அச்சிட வேண்டும் என்றும், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள் என்றும் சொல்கிறது. ஆக, நம் அட்டைக்கு 2025 ஜூன் 30 கடைசி நாள்.

ஜூலையில் செய்த மருந்து ஜூனில் ஏன் முடிகிறது என்று சிலருக்குக் குழப்பம் வரும். தயாரான மாதத்தையே முதல் மாதமாக எண்ணிப் பாருங்கள். 2023 ஜூலையில் தொடங்கி 2025 ஜூன் முடிய இருபத்து நான்கு மாதங்கள், அதாவது சரியாக இரண்டு ஆண்டுகள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டப்பாக்களில்தான் தடுமாற்றம் அதிகம். 03/04/2026 என்பது அமெரிக்கப் பெட்டியில் மார்ச் 4, பிரிட்டன் பெட்டியில் ஏப்ரல் 3. இரண்டில் எது என்று தெரியாவிட்டால் முந்தையதைக் கணக்கில் வைப்பதே பத்திரம். ‘யூஸ் பை’, ‘யூஸ் பிஃபோர்’ என்று போட்டிருந்தால் கணக்கே மாறும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தரும் விளக்கப்படி, அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஜூலை என்று இருந்தால், பொதுவாக ஜூன் கடைசியோடு நிறுத்திவிட வேண்டும். காலாவதி ஜூலை என்றால் ஜூலை முடிய, யூஸ் பை ஜூலை என்றால் ஜூலைக்கு முன். ஒரே மாதத்தைப் போட்டிருந்தும் இரண்டுக்கும் இடையே முப்பத்தொரு நாள் வித்தியாசம்.

தேதியைப் படிக்கத் தெரிந்தாலும் பல வீடுகளில் படிப்பதற்குத் தேதியே இருப்பதில்லை. கடையில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருகிறார்கள். தேதி அச்சான ஓரம் கடையிலேயே தங்கினால் நம்மிடம் வருவது பெயர்கூட முழுதாகத் தெரியாத துண்டு. சில அட்டைகளில் தேதியை மையால் அடிக்காமல் ஓரத்தில் அழுத்திப் பதித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். வெட்டுவதற்கு முன்னால் தேதியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. கணினியில் அடித்துத் தரும் ரசீதில் பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் பெரும்பாலும் இருக்கும். துண்டு அட்டையை அந்த ரசீதோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் போதும். அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் குறியீடு கட்டாயம் ஆகியிருக்கிறது. கைபேசியில் படம் பிடித்தால் தயாரிப்பு, காலாவதி, பேட்ச் எண் எல்லாம் தெரிய வேண்டும்.

சரி, அந்த மாதத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? மாத்திரையை அதன் உறையோடு வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் வைத்துவிடுகிறார்கள். ஒரு பகுதி, அந்த நாட்டின் தட்பவெப்பத்தை ஒட்டிய நிலையில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இன்னொரு பகுதி, 40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதம் என்ற கடுமையான நிலையில் ஆறு மாதம் இருக்கும். வெப்பம் ஏறினால் வேதிமாற்றமும் வேகமெடுக்கும் என்பதால் இந்த ஆறு மாதம் நெடுநாள் போக்கை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. இடையிடையே எடுத்து அளக்கிறார்கள். அட்டையில் சொன்ன மருந்தின் அளவு அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா, சிதைந்து உண்டான பொருள்கள் வரம்பு மீறியிருக்கின்றனவா, வயிற்றில் கரைய வேண்டிய நேரத்தில் மாத்திரை கரைகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். மருந்தின் அளவுக்கான கீழ் எல்லை மருந்துக்கு மருந்து மாறும், பொதுவாக 90 அல்லது 95 சதவீதம். சோதனை எதுவரை தாங்குகிறதோ அதற்குள் ஒரு மாதத்தைத் தயாரிப்பாளர் குறிக்கிறார். பிரிக்காத உறையில், அட்டையில் சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால் அதுவரை நான் பொறுப்பு என்று அவர் தரும் வாக்கு இது. அடுத்த நாளே மருந்து விஷமாகிவிடும் என்று அந்தத் தேதி சொல்லவில்லை.

ஆஸ்பிரினில் இந்தச் சிதைவை மூக்கே கண்டுபிடித்துவிடும். அதன் வேதிப்பெயர் அசிட்டைல் சாலிசிலிக் அமிலம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டால் மூலக்கூறு இரண்டாக உடைந்து ஒரு பக்கம் சாலிசிலிக் அமிலமும் மறுபக்கம் அசிட்டிக் அமிலமும் வருகின்றன. அசிட்டிக் அமிலம் என்பது வினிகரில் இருப்பதுதான். பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் புளித்த நெடி அடித்தால் உள்ளே இது நடந்துவிட்டது என்று பொருள்.

மருந்தில் கொஞ்சம்தானே போயிற்று என்று இதை விட முடியாது. ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் விதம் தனியானது. தன் அசிட்டைல் பகுதியைக் கழற்றி, ரத்தத் தட்டணுவில் இருக்கும் ஒரு நொதியில் ஒட்டிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் புது நொதியைச் செய்துகொள்ள வழியில்லை. தன் வாழ்நாளான ஏழு முதல் பத்து நாட்களுக்கு அது முடங்கியே கிடக்கும். அதனால்தான் இவ்வளவு சிறிய மாத்திரை, நாளுக்கு ஒன்று என்பதே போதுமாக இருக்கிறது. ஈரம் பறிப்பதும் அதே அசிட்டைல் பகுதியைத்தான். மிஞ்சும் சாலிசிலிக் அமிலத்துக்கு இந்த ஒட்டும் வேலை தெரியாது, வயிற்றைப் புண்ணாக்கும் வேலை மட்டும் தெரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதில் நியாயமும் உண்டு. அமெரிக்க ராணுவம் தன் கிடங்குகளில் இருந்த மருந்துகளைத் தேதி முடிந்ததும் கொட்டுவதற்கு மனமில்லாமல், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கொண்டு 1986 முதல் சோதிக்க ஆரம்பித்தது. 2006இல் வெளியான முடிவின்படி 122 மருந்துகளின் 3,005 பேட்ச்களில் 88 சதவீதத்துக்குக் குறைந்தது ஓராண்டாவது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. நீட்டிப்பின் சராசரி 66 மாதம். இதைப் படித்துவிட்டு, காலாவதித் தேதியே கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மருந்துகள் முத்திரை பிரிக்காமல், வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் கிடந்தவை. நம் மாத்திரையோ மே மாதத்து மதுரையில், அடுப்புக்கு மேல் தட்டில் அல்லது ஃபிரிட்ஜின் தலைமேல் இருக்கிறது. ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அந்த இடம் நாள்தோறும் மீறுகிறது. அந்த நீட்டிப்பும் கணக்குப் போட்டுக் கொடுத்ததில்லை, பேட்ச் பேட்சாகச் சோதித்துக் கொடுத்தது. ஒரே மருந்தின் வெவ்வேறு பேட்ச்கள் வெவ்வேறு காலம் தாங்கின. வீட்டில் அப்படிச் சோதிக்க யாராலும் முடியாது.

தேதி கடந்த மாத்திரையால் நேரடிக் கேடு வந்த சம்பவம் மருத்துவ வரலாற்றில் அரிது. அடிக்கடி சொல்லப்படுவது 1963இல் அமெரிக்காவில் பதிவானது. பழைய டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பாதிக்கப்பட்டன. மருந்து சிதைந்து உண்டான பொருளே காரணம் என்று கண்டார்கள். பொதுவான ஆபத்து வேறு. மருந்து வேலை செய்யாமல் போவதும், வேலை செய்கிறது என்று நாம் நம்பியிருப்பதும்தான். தலைவலிக்கான மாத்திரை வலுவிழந்தால் வலி தொடரும், தெரிந்துவிடும். ஆஸ்பிரின், வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, கருத்தடை மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் போன்றவை வலுவிழந்தால் நேரம் கடந்த பிறகே தெரியும். இவற்றில் ஒரு நாள் சலுகையும் கூடாது. நைட்ரோகிளிசரின் ஆவியாகிவிடக்கூடியது. கண்ணாடிப் புட்டியில் வந்தால் அதிலேயே இருக்கட்டும், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் தேதிக்கு முன்பே வலு இழக்கும். அட்டையிலிருந்து பிதுக்கி வாரப்பெட்டியில் போட்டு வைக்கும் எந்த மாத்திரைக்கும் அட்டையில் இருந்த தேதி பொருந்தாது. ஒரு வாரத்துக்கு மட்டும் பிதுக்கிக்கொள்ளுங்கள்.

ஜூலை வந்துவிட்டது, நம் அட்டையில் ஐந்து மாத்திரை மிச்சம். கடைக்காரருக்குத் தன் காலாவதிச் சரக்கைத் தனியே ஒதுக்கி, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிவைத்து, தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறது. நம் வீட்டு மிச்சத்துக்கு அப்படி ஒரு பாதை பெரும்பாலான ஊர்களில் இல்லை. கேரளம் கோழிக்கோட்டில் 2025இல் என்பிரவுட் என்ற திட்டத்தைத் தொடங்கி, வீடுகளிலிருந்து மருந்தைத் திரட்டி உயர் வெப்ப உலையில் எரிக்க ஏற்பாடு செய்தது. உங்கள் பகுதியில் அப்படி ஏதும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் காலாவதி மருந்தை, டியூப்லைட், பேட்டரி, ஊசி இவற்றோடு வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. எனவே தூய்மைப் பணியாளரிடம் தனிப் பையாகக் கொடுத்து, இன்னது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதற்கும் வழியில்லாத ஊரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லும் முறை நமக்கும் ஒத்துவரும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்குங்கள், ஆனால் பொடிக்க வேண்டாம், தூள் மூச்சில் ஏறும். பிழிந்த டீத்தூள், காபிச் சக்கை, மண் இப்படி யாரும் வாயில் வைக்காத ஒன்றோடு கலந்து பையில் இறுக்கக் கட்டிக் குப்பையில் சேருங்கள். காலி அட்டையைக் கத்தரியால் துண்டாக்குங்கள். முழு அட்டை குப்பையில் கிடந்தால் குழந்தை எடுக்கலாம், தேதியை அழித்து மறுபடி விற்பவர் கைக்கும் போகலாம். வீட்டில் எரிப்பதும் கூடாது, அட்டையின் பிளாஸ்டிக்கில் குளோரின் இருப்பதால் நச்சுப்புகை வரும்.

கழிப்பறையில் கொட்டுவது எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. சாக்கடை நீரில் கலந்த மருந்தை முழுதாகப் பிரித்தெடுக்கச் சுத்திகரிப்பு நிலையங்களால் இயலாது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டியில் 17 மருந்துகளுக்கு மட்டும் விதிவிலக்கு தந்திருக்கிறது. டிரமடால், டாப்பென்டடால், மார்ஃபின், ஃபென்டனில், டயஸிபாம் போன்றவை அந்தப் பட்டியலில் உண்டு. வேறொருவர், அதிலும் ஒரு குழந்தை, தெரியாமல் ஒன்றே ஒன்று விழுங்கினாலும் உயிர் போகக்கூடும் என்பதால் அவற்றை வீட்டில் ஒரு நாள்கூட வைத்திராமல் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடச் சொல்கிறார்கள். ஆஸ்பிரினும் பாரசிட்டமாலும் ஆன்டிபயாட்டிக்குகளும் அந்தப் பட்டியலில் இல்லை. தயவுசெய்து அவற்றைத் தண்ணீரில் விடாதீர்கள்.