கவசத்தைத் தேடும் விரல்கள்

ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கந்த சஷ்டி விரதம், ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரைச் சூரசம்ஹாரத்தில் உச்சம் தொடும். அந்த நாட்களில் தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசத்தைத் தேடிக் கைபேசிகளில் விரல்கள் ஓயாமல் ஓடும். ஒரு பாடகி அதைத் தன் குரலில் பாடி யூடியூபில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘முருகன் பக்திப் பாடல் 2024’ என்று மட்டும் தலைப்பு வைத்தால், பாட்டின் பெயரைச் சொல்லித் தேடும் ஒருவர் கண்ணிலும் அது எளிதில் படாது.

மக்கள் தேடும் விதமே வேறு. ஒருவர் ‘கந்தசஷ்டி’ என்று சேர்த்து அடிப்பார். இன்னொருவர் `kanda sasti kavasam lyrics` என்பார். அடுத்தவருக்கு அது `kavacham`. பெயர் நினைவுக்கு வராத பெரியவர்கள் முதல் அடியையே தட்டுவார்கள். ஆகவே தலைப்பில் இரண்டு எழுத்திலும் பெயர் வேண்டும்:

```
கந்த சஷ்டி கவசம் | பாடல் வரிகளுடன் | Kandha Sashti Kavasam Lyrics
```

தலைப்புக்கு யூடியூப் தரும் 100 எழுத்துகளுக்குள் இது அடங்கிவிடும். மற்ற எழுத்துக்கூட்டல்களை ‘டேக்’ பெட்டியில் போடலாம். தேடலில் டேக்கின் பங்கு சிறியது, பிழையாக எழுதப்படும் பெயர்களுக்குத்தான் அது உதவும் என்று யூடியூபே சொல்கிறது.

முதல் அடியை வைத்துத் தேடுபவருக்கு உதவுவது வீடியோவின் கீழே எழுதும் விவரக்குறிப்புதான். திரையில் வரிகள் ஓடினால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடல் படித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. விவரக்குறிப்புக்கு உச்சவரம்பு 5,000 எழுத்துகள். 200 வரிகளுக்கு மேல் நீளும் கவசம் அதில் முழுதாக அடங்காது. காப்பையும் தொடக்கப் பகுதியையும் அங்கே கொடுத்துவிட்டு, முழுப் பாடலையும் சப்டைட்டிலாக ஏற்றுவது நல்லது.

தெய்வப் பெயர்களில்தான் கை அதிகம் நீண்டுவிடுகிறது. முருகன், கந்தன், சுப்பிரமணியர், செந்திலாண்டவர் எல்லாம் பொருந்தும். ஆனால் ஆள் சேர்க்க ஆசைப்பட்டு ‘கந்த குரு கவசம்’, ‘சண்முக கவசம்’ என்றும் சேர்ப்பது தவறு. முன்னது சாந்தானந்த சுவாமிகள் பாடியது, பின்னது பாம்பன் சுவாமிகள் பாடியது. பூஜையறையில் அதற்காகக் காத்திருந்தவர் வேறு பாட்டு கேட்டதும் சில நொடிகளில் வெளியேறிவிடுவார். யூடியூப் ஸ்டூடியோவில், தேடல் வழியே வந்தவர்கள் அடித்த சொற்களின் பட்டியலைப் பார்த்தால் இது புலப்படும்: அந்தப் பெயர் மேலே இருக்கும், அதன் எதிரே பார்த்த நேரம் மிகக் குறைவாக இருக்கும்.

ஆண்டையும் தலைப்பில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. சூரசம்ஹாரம் 2024-இல் நவம்பர் 7, 2025-இல் அக்டோபர் 27. தேதி நகர்ந்ததும் தலைப்பு பழசாகிவிடும். திருவிழாத் தேதியை விவரக்குறிப்பில் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம். சஷ்டி மாதாமாதம் வருவதால், ‘சஷ்டி விரதம்’ என்ற சொல் மட்டும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கட்டும்.